சின்ன மிஷினில் பெரிய வீல்

"கவரைக் கழட்டுன்னு சொல்றேன், அந்தப் பெரிய வீலை எடுத்து…"

"என்ன சொன்னீங்க?"

"கவரைக் கழட்டிட்டுப் பெரிய வீலை…"

"கேக்கல மாமா. சத்தமாச் சொல்லுங்க."

"மிஷினே ஓடல, உனக்குக் காதுல என்ன…"

"ஓடலையே, அதான் சொல்றேன். சத்தமாச் சொன்னா வெளிய நிக்கிறவங்களுக்கும் கேக்கும்ல?"

வெளியே நின்றவர் கான்ட்ராக்டர். பட்டறை வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் பாதி குடித்த தேநீருமாக, யாரோ கிரேன்காரனிடம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி உட்கார ஒரு ஃபிரேம். நாலு கால், குறுக்கே தாங்கு. கால்கள் நாலு இஞ்ச் பாக்ஸ், அதாவது சதுர இரும்புக் குழாய், நல்ல கனம். குறுக்குத் துண்டுகளெல்லாம் வெட்டி, பிசிறு தேய்த்து, சுவரோரம் அடுக்கியாயிற்று. கால்கள் மட்டும் முழு நீளத்தில் ஸ்டாண்டின் மேல் கிடந்தன. அவற்றை வட்டக் கல் வீலால் வெட்டுகிற பெரிய கை மிஷின் காலையில் இருமி, பொறி கக்கி, நின்றுபோயிருந்தது.

பட்டறை அந்த மாமாவுடையது; வீட்டில் அவர் மூத்தவர். வேலைக்கு இருந்த வெட்டுக்காரர்கள் போன மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரு வெல்டர், மூக்குப்பொடி இல்லாமல் ஒரு ராடு எரிக்க மாட்டார், அதனால் பொடி வெல்டர் என்று பேர். அப்புறம் இவள். மூத்தவரின் தம்பி மனைவி. வீட்டில் சின்னவ என்று கூப்பிடுவார்கள், பட்டறையிலும் அதே. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு கிரில் பட்டறையில் வெல்டு தேய்த்த கை. புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு, துப்பட்டாவை ஆணியில் மாட்டிவிட்டு, தலைமுடியைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு வேலைக்கு நிற்பாள்.

"இங்க பாரு," என்றார் மூத்தவர், குரலைத் தாழ்த்தி. "கிரேன் வந்துரும். பெரிய மிஷினை மோட்டார் ரீவைண்டிங்குக்குக் குடுத்தா நாளைக்குத்தான் வரும். சின்ன மிஷின் இருக்கு, பெரிய வீல் இருக்கு, ஓட்டை ரெண்டுக்கும் ஒரே அளவு. கவர்தான் இடிக்குது. கழட்டினா வேலை முடிஞ்சுது."

"சின்ன வீலையே போட்டு நாலு பக்கமும் திருப்பித் திருப்பி வெட்டலாம். சுத்தி மார்க் பண்ணித் தந்தா நானே வெட்டறேன்."

"ஒரு முனைக்கு நாலு திருப்பு. நாலு காலுக்கும் ரெண்டு ரெண்டு முனை. விடிஞ்சுரும்."

"விடியட்டும்."

"பொடி, நீ சொல்லேன்யா இவகிட்ட."

பொடி வெல்டர் ஹெல்மெட்டை நெற்றிக்கு மேல் ஏற்றினார். "நான் என்ன சொல்றது? எனக்கு வெல்டு வைக்கத்தான் சம்பளம். வாய் வைக்க இல்ல."

"சரிதான். எல்லாரும் சேந்து என் தலையில கல்லைப் போடுங்க."

இந்தப் பேச்சுக்காக எத்தனையோ நாளாகக் காத்திருந்தவள் சின்னவ. இப்போது அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அவள் புருஷன், மூத்தவரின் தம்பி, இதே பட்டறையில், இதே சின்ன மிஷினில், வலது கண்ணை இழந்தவன். அன்றைக்கும் பெரிய மிஷின் நின்றுபோயிருந்தது. அன்றைக்கும் பாக்ஸ், அன்றைக்கும் அவசரம். அண்ணன் கவரைக் கழற்றி, பெரிய வீலை மாட்டி, நட்டை இறுக்கி, தம்பி கையில் கொடுத்து வெட்டுடா என்றார். பெரிய வீல் மெதுவாகச் சுற்றுகிற பெரிய மிஷினுக்கு என்று பண்ணியது. எவ்வளவு வேகம் தாங்கும் என்று அதன் முகத்திலேயே அச்சடித்திருக்கும். சின்ன மிஷின் அதைவிட ரொம்ப வேகம். வெட்டு பாதி இறங்கும்போது பாக்ஸ் லேசாக அமுங்கி வீலைக் கவ்வியது, அவ்வளவுதான். வீல் வெடித்துத் துண்டு துண்டாகப் பறந்தது. தடுக்கக் கவர் இல்லை. ஒரு துண்டு கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு கண்ணுக்குள் போனது. பொடி வெல்டர் அந்த நேரம் ராடு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பட்டறையில் அண்ணனும் தம்பியும் மட்டும்தான்.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓட, பின்னாலே வருகிறேன் என்று மூத்தவர் தங்கினார். வீல் துண்டுகளைப் பெருக்கினார். ஒரு சின்ன வீலைச் சுத்தியலால் உடைத்து, மிச்சத்தை மிஷினில் மாட்டி வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே கதை: "குடிச்சுட்டு வந்திருக்கான். கவரை அவனே கழட்டியிருக்கான். வெட்டற வீலைப் பக்கவாட்டுல அழுத்தித் தேச்சிருக்கான். உடையாம என்ன பண்ணும்?"

தெருவில் உள்ள அத்தனை பட்டறைக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காதவன் குடிகாரன் ஆனான். ஒற்றைக் கண்ணோடும் அவன் நன்றாகவே அளவெடுப்பான், கோணம் பார்ப்பான், பொட்டு வெல்டு வைத்து டேக் அடிப்பான். ஆனால் யாரும் உள்ளே விடவில்லை. "மிஷின் பக்கத்துல குடிச்சுட்டு நிக்கிறவனை வெச்சுக்கிட்டு நான் எங்க போக?" என்பார்கள். அவனிடம் உண்மையைச் சொல்லச் சொன்னால், "அண்ணன்டி. என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு. விடு" என்பான்.

"நீங்க விடுங்க. நான் விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் இந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூத்தவர் தயவாக நினைத்துச் சேர்த்துக்கொண்டார். ஊரும் அப்படியே நினைத்தது.

பெரிய மிஷின் மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் கட்டைகள் தேய்ந்துகொண்டே வந்தது அவளுக்குத் தெரியும். காற்றுத் துளைக்குள் நீலப் பொறி வட்டமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு நொடி திக்குவதைக் கேட்டிருக்கிறாள். மாற்றினால் அரை மணி வேலை. புதுக் கார்பன் ஒரு ஜோடி வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாள். வெளியே எடுக்கவில்லை. அவசர வேலை ஒன்றும், பார்க்க ஒரு வெளி ஆளும் சேர்ந்து வருகிற நாளுக்காகப் பொறுத்தாள். இன்று காலை மிஷின் நின்றதும் புருஷனுக்குப் போன் போட்டு, "மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அப்போ நீ மாட்ட மாட்ட?" என்றார் மூத்தவர்.

"எனக்கு மாட்டத் தெரியாது மாமா. பெரிய வீலைச் சின்ன மிஷின்ல மாட்டி நான் பாத்ததே இல்ல. நீங்க மாட்டிக் காட்டுங்க."

"தள்ளு."

அவர் ஸ்பானரை எடுத்து மிஷின் பக்கம் வந்தார். ப்ளக் போர்டிலேயே இருந்தது. சின்னவ அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அதை ஏன் புடுங்கற?"

"வீல் மாத்தும்போது புடுங்கணும்ல? தெரியாம சுவிட்ச்ல கை பட்டா உங்க விரல் போயிரும். உங்க விரல் மேல எனக்கு ரொம்ப அக்கறை."

பொடி வெல்டர் மூக்கைச் சிந்துவது மாதிரி சிரித்தார்.

மூத்தவர் கவரின் திருகைத் தளர்த்தினார். ஒரு திருப்பு, கவர் கழன்று மேசையில் உருண்டது. நட்டைக் கழற்றினார், சின்ன வீலை எடுத்தார், பெரிய வீலை வைத்தார், நட்டைப் புரட்டிப் போட்டார், அடியிலிருக்கும் பூட்டைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு இறுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு பண்ணியிருப்பார் போல, அவ்வளவு வேகம்.

"அடேங்கப்பா," என்றார் பொடி வெல்டர். "கை தன்னாலே போகுதே."

கான்ட்ராக்டர் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு உள்ளே வந்தார். "இது சேருமா? எங்க சைட்ல இப்படி மாட்டினா சேஃப்டிக்காரன் கேட்டுக்கு வெளிய தள்ளிருவான்."

"உங்க சைட் வேற. இது பட்டறை." மூத்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெளி ஆள் முன்னால் தொழில் தெரியாதவன் மாதிரி நிற்க அவருக்கு ஆகாது. "நான் எத்தனை தடவை மாட்டியிருக்கேன் தெரியுமா? பெரிய மிஷின் நின்னா இதான் வழி. கையில தொழில் இருந்தா ஒண்ணும் ஆகாது."

"கடைசியா எப்ப மாட்டினீங்க மாமா?" என்றாள் சின்னவ.

"என்ன கேள்வி இது?"

"போன தடவை பெரிய மிஷின் நின்னப்போ, பாக்ஸ் யாரு வெட்டினா? எதுல வெட்டினா? பொடி அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நீங்க ராடு வாங்கப் போனீங்கல்ல?"

பொடி வெல்டர் பொடி டப்பாவைத் திறந்தார், போடாமலே மூடினார். "போனேன். வரும்போது பக்கத்துப் பட்டறைக்காரங்க அவரைத் தூக்கிட்டுப் போற வண்டிதான் எதிர்ல போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "பெரிய மிஷின் அன்னிக்கு ரீவைண்டிங் கடையில இருந்துச்சு. ஆமா. நான்தான் அடுத்த நாள் போய் வாங்கிட்டு வந்தேன்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"இப்ப அதெல்லாம் எதுக்கு?" மூத்தவர் மிஷினை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "வெட்டு."

"நான் வெட்ட மாட்டேன். நீங்க வெட்டுங்க. கையில தொழில் இருக்கே."

"ப்ளக்கை மாட்டு."

"மாட்டறேன். அதுக்கு முன்னால, முகத்துக்கு ஷீல்டு போட்டுக்கறீங்களா? வெறும் கண்ணாடி போதாது. அதையும் உடைச்சுக்கிட்டு உள்ள போகும். எங்க வீட்ல ஒருத்தர் இருக்கார், காட்டுவார்."

"என்ன பேசற நீ? கான்ட்ராக்டர் முன்னால…"

"கான்ட்ராக்டர் முன்னாலதான் பேசணும். அவர் நாலு பட்டறைக்குப் போறவரு. நாலு பேர்கிட்ட பேசறவரு."

கான்ட்ராக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யம்மா, எனக்கு ஃபிரேம்தான் வேணும். உங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு நான் வரல."

"பஞ்சாயத்து இல்ல சார். வேலைதான். வெட்டட்டும்னு சொல்றேன்."

அவள் ப்ளக்கைப் போர்டில் சொருகினாள்.

அப்போதுதான் அவள் புருஷன் சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் வந்து நின்றான். வெளிச்சத்திலிருந்து வந்ததால் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தான். அண்ணன் கையில் சின்ன மிஷின். அதில் கவர் இல்லை. அதில் பெரிய வீல். தூக்கு அவன் கையிலிருந்து நழுவித் தரையில் இடித்து நின்றது.

"அண்ணே. வேணாம்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சின்னவ, திரும்பாமலே.

"அண்ணே, கீழ வையி அதை."

"சும்மா இருங்கன்னு சொல்றேன்ல! அவருக்குத் தெரியாததா? எத்தனையோ தடவை மாட்டினவரு. பெரிய வீல் உடையாது. உடைஞ்சது சின்ன வீலு. நீங்க குடிச்சுட்டுப் பக்கவாட்டுல தேச்சீங்க, அதனால உடைஞ்சது. அவர் வாயாலே சொன்னது. அவர் சொன்னது உண்மைன்னா இப்ப என்ன பயம்? தள்ளுங்க மாமா சுவிட்சை."

பொடி வெல்டர் மெதுவாக எழுந்து வெல்டிங் மிஷினுக்குப் பின்னால் போனார். கான்ட்ராக்டர் இரண்டடி பின்வாங்கி வாசல் சட்டத்தில் முதுகு ஒட்டினார். சின்னவ வீலின் நேர்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து நின்றாள். மூத்தவர் பாக்ஸின் முன்னால் தனியாக நின்றார். இடது கை பக்கக் கைப்பிடியில். வலது கட்டைவிரல் சுவிட்சின் மேல்.

பாக்ஸ் இரண்டு ஸ்டாண்டின் மேல் இருந்தது, வெட்ட வேண்டிய இடம் நடுவில். நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் தொங்கி வெட்டு வாயை மூடும், வீலைக் கவ்வும். வெட்டி விழுகிற பக்கம் ஸ்டாண்டுக்கு வெளியே தொங்க வேண்டும் என்பது முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்குக் கூடத் தெரியும். மூத்தவருக்கும் தெரியும். அவர் பார்வை அந்த ஸ்டாண்டில் போய் விழுந்தது. பிறகு வீலின் மேல். வீலின் முகத்தில் அச்சடித்த எண்ணைப் படித்தார். அப்புறம் மிஷின் உடம்பிலிருந்த தகட்டை. எத்தனையோ தடவை மாட்டியவர், இன்றுதான் முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் படிக்கிறார் என்று தோன்றியது.

"தள்ளுங்க."

கட்டைவிரல் அசையவில்லை.

"ஏன் தள்ளல?"

"ஏ, போதும்டி," என்றான் புருஷன்.

"அவர் வாயில வரட்டும். ஏன் தள்ளல மாமா?"

"உடைஞ்சுரும்," என்றார் மூத்தவர்.

"எப்படித் தெரியும்?"

அவர் மிஷினைக் கீழே வைத்தார். வீல் பாக்ஸில் பட்டு டிங் என்றது.

"உடைஞ்சுச்சு."

"எது?"

"பெரிய வீலு."

"யாரு மாட்டினா?"

மூத்தவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், தம்பியின் மூடிய இமையைப் பார்க்காமல் மற்றொரு பக்கத்தைப் பார்த்தார்.

"நான்தான்டா மாட்டினேன்."

"அது எனக்குத் தெரியும்ணே," என்றான் தம்பி. "எனக்கு ஏன் சொல்ற?"

"அவருக்கு இல்ல," என்றாள் சின்னவ. அவள் குரல் இப்போது ரொம்பத் தணிந்திருந்தது, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. மூலையில கேட் செய்யற பட்டறைக்காரருக்கு முதல்ல. அவர்தான் என் வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரா ஊதிக் காட்டச் சொன்னவரு."

"அம்மா, மானம் போயிரும்மா."

"போகட்டும். அவருக்குப் போச்சே, நடமாடலையா?"

கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "சொல்லிருங்க. நானே கேட்டுட்டேன். நான் போய்ச் சொன்னா இன்னும் அசிங்கம்."

மூத்தவர் போனை எடுத்தார். எண்ணைத் தேட விரல் வரவில்லை. பொடி வெல்டர்தான் தேடிக் கொடுத்தார்.

"என்னப்பா, ராடு கடன் வேணுமா?" என்றது ஸ்பீக்கரில் ஒரு முரட்டுக் குரல், பின்னால் மிஷின் இரைச்சலோடு.

"இல்ல. தம்பி விஷயம்."

"எந்தத் தம்பி?"

"என் தம்பிதான். அன்னிக்குக் கண்ணு போச்சுல்ல. அவன் குடிக்கல. நான்தான் கவரைக் கழட்டிட்டுப் பெரிய வீலை மாட்டிக் குடுத்தேன். சின்ன வீலை உடைச்சு மாட்டி வெச்சதும் நான்தான்."

எதிர்முனையில் மிஷின் நின்றது.

"அடப்பாவி," என்றது குரல். "உன் தம்பிய நான் நாய் மாதிரி விரட்டினேனேய்யா." பிறகு, "அவன் அங்க இருக்கானா?"

"இருக்கேன்," என்றான் தம்பி.

"டேய், எனக்கு மார்க்கிங்குக்கு ஆளே இல்ல. நாளைக்கு வா. உன் அண்ணன்கிட்ட வேலை பாக்காத." போன் வைக்கப்பட்டது.

இவ்வளவு நாள் சுமந்தது இப்படி ரெண்டு வார்த்தையில் கழியுமென்று சின்னவ நினைத்திருக்கவில்லை. அடுத்த கடை, அடுத்த கடை என்று அவள் பேர் சொல்லச் சொல்ல மூத்தவர் போன் போட்டார். ஒருவர் சிரித்தார். ஒருவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். ஒருவர், "அதுக்கு இப்ப என்ன? நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்றார். கடைசியில் மூத்தவர் நட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, எண்ணெய்க் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப ஃபிரேம் என்ன ஆகும்?" என்றார் கான்ட்ராக்டர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "கிரேன்காரன் வழியிலே இருக்கான்."

சின்னவ ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்த பெரிய மிஷினை எடுத்து மேசையில் வைத்தாள். ப்ளக் தொங்குவதைத் திரும்பவும் பார்த்துக்கொண்டாள். பக்கத்து மூடிகளைத் திருகினாள். ஸ்பிரிங்கோடு இரண்டு கார்பன் கட்டைகள் வெளியே வந்தன, நகத்தளவுக்குத் தேய்ந்து. சட்டைப் பைக்குள் கைவிட்டுப் புது ஜோடியை எடுத்துத் துளைக்குள் தள்ளி மூடியைப் போட்டாள்.

மூத்தவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். "கார்பன் உன்கிட்டயா இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"தேஞ்சது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதானா நிக்க விட்ட?"

"ஆமா."

"அப்ப உனக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்?"

"நீங்க பொய் சொன்னீங்க. நான் ஒண்ணுமே சொல்லல," என்றாள். "மாமா, எழுந்திருங்க. ஸ்டாண்டை இந்தப் பக்கம் தள்ளுங்க. வெட்டி விழற முனை வெளிய தொங்கணும்."

அவர் எழுந்தார். ஸ்டாண்டைத் தள்ளினார். இந்தப் பட்டறையில் யாரும் அவருக்கு அப்படி வேலை சொன்னதில்லை. பொடி வெல்டர் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி ஓரத்திலிருந்த பெயின்ட் தின்னர் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பொறி பறக்கிற திசையில் அது இருக்கக் கூடாது.

தம்பி யாரும் சொல்லாமலே மூலைமட்டத்தை எடுத்து, பாக்ஸின் நாலு பக்கமும் கோட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, ஆரம்பித்த இடத்திலேயே சேர்த்தான். ஒற்றைக் கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான். கோடு முடி அளவுக்குக் கூட விலகவில்லை. கான்ட்ராக்டர் அதைப் பார்த்தார், போனை எடுத்துத் தனக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்.

சின்னவ புது வீல் ஒன்றை எடுத்து, வெளிச்சத்துக்குக் காட்டி விரிசல் பார்த்து, கவரோடு பெரிய மிஷினில் மாட்டினாள். முகக் கவசத்தை இறக்கினாள். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட விட்டாள். திக்கல் இல்லை. அப்புறம்தான் கோட்டில் இறக்கினாள். அழுத்தவில்லை; மிஷினின் கனத்துக்கே விட்டாள். பொறி மஞ்சளாக ஒரு பக்கமாகத் தெறித்தது. மேலிருந்து பாதி, பாக்ஸைப் புரட்டி மறு பாதி. கடைசி இழை அறுந்ததும் துண்டு தானாகக் கீழே விழுந்தது. வீல் முழுதாக நிற்கும் வரை மிஷினைக் கையில் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள்.

நாலு கால் முடிந்தது. பொடி வெல்டர் டேக் அடித்தார். மூத்தவர் கிளாம்ப் பிடித்தார். கிரேன் வந்து ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூத்தவர் யாரிடமும் சொல்லாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். போகும்போது முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சின்னவ அதை வாசலில் நின்று, தெரு திரும்பும் வரை ஆசை தீரப் பார்த்தாள்.

உள்ளே வந்தாள். புருஷன் மேசைமேல் உட்கார்ந்து, ஆறிப்போன தூக்கைத் திறந்து இரண்டு தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"சாப்பிடு."

"பசிக்கல. வயிறு நெறைஞ்சிருக்கு."

"நெறைஞ்சிருக்கும். இன்னிக்கு நல்லாத் தின்னுருக்க."

அவள் சிரித்தாள். சின்ன மிஷினிலிருந்து பெரிய வீலைக் கழற்றி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, இனி யாரும் மாட்ட முடியாதபடி இரண்டாக்கிக் குப்பையில் போட்டாள். கவரை எடுத்துத் திரும்பவும் பொருத்தித் திருகை இறுக்கினாள். கை முழுக்கக் கறுப்பு. துணியில் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் கேட் பட்டறைக்குப் போறப்ப அந்த நல்ல சட்டையைப் போட்டுக்குங்க" என்றாள்.

அவன் ஒரு கவளத்தை உருட்டி, வாயில் வைக்காமல், தட்டிலேயே வைத்தான். முகத்தைத் திருப்பி, பார்க்கிற கண்ணை அவள் மேல் வைத்தான்.

"ப்ளக்கைச் சொருகிட்டு, வீலுக்கு நேரா நிக்காம ஒதுங்கி நின்ன. உன் கை போர்டு பக்கமே இல்ல. அண்ணன் சுவிட்சைத் தள்ளியிருந்தா நீ புடுங்கியிருப்பியா?"